80 சதவீதம் ஜெயித்தும் ஒன்றரை லட்சம் போனது எப்படி

பங்குச் சந்தையில் நிஃப்டி ஆப்ஷனை எந்த விலைக்கு வாங்குவது, எப்போது விற்பது என்று எனக்குச் சிக்னல் விற்றவர்கள் சொன்ன 80 சதவீத வெற்றி பொய் இல்லை. முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "ஏமாற்றிவிட்டார்கள்" என்று தொடங்கினால் நீங்கள் அடுத்த முறை உண்மை பேசும் ஆளைத் தேடிப் போவீர்கள். உண்மை பேசும் ஆளிடமும் இதே பணம் போகும். புரோக்கர் தரும் கணக்கை இறக்கி நானே எண்ணிப் பார்த்தபோதும் பத்துக்கு எட்டு வர்த்தகம் லாபத்தில்தான் முடிந்திருந்தது. அப்படியும் 2025 ஜனவரி முதல் ஜூன் வரை ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக நஷ்டம். சிக்னலுக்குக் கட்டிய சந்தா 15,000 தனி.

நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பாலக்காடு ஜில்லாதான், ஆனால் வீட்டிலும் கடையிலும் தமிழ்தான் பேச்சு. கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டினால் பொள்ளாச்சி. சின்ன ஹார்டுவேர் கடையும் அப்பா விட்டுப்போன கொஞ்சம் தென்னையும் இருக்கின்றன. இந்தக் கிழக்குப் பகுதியில் தண்ணீர் எப்போதும் பிரச்சினை, அதனால் புது போர் போடுவதற்கென்று மூன்று லட்சம் ஒதுக்கி வைத்திருந்தேன். அந்தப் பணத்தில்தான் இது நடந்தது. வீட்டில் யாருக்கும் தெரியாது. மதியம் கடையில் ஆள் வராத நேரத்தில், கல்லாவுக்குக் கீழே போனை வைத்துக்கொண்டு நிஃப்டி ஆப்ஷன் வாங்கி விற்றுக்கொண்டிருந்தேன். நிஃப்டி குறியீடு ஏறுமா இறங்குமா என்பதைப் பொறுத்து விலை மாறும் ஒப்பந்தம் அது.

சிக்னல் இப்படி வரும்: இந்த ஸ்டிரைக் கால், 150க்கு வாங்கு, டார்கெட் 160, ஸ்டாப் லாஸ் 120. கால் என்பது நிஃப்டி ஏறினால் விலை ஏறும் ஆப்ஷன், ஸ்டிரைக் என்பது அதில் குறித்திருக்கும் நிஃப்டி அளவு. 160 வந்தால் விற்று லாபம் எடு, 120க்கு இறங்கினால் நஷ்டத்தோடு வெளியேறு, அதாவது ஜெயித்தால் 10 புள்ளி, தோற்றால் 30 புள்ளி. நாளைக்கு நாலைந்து வரும். அப்போது நிஃப்டியில் ஒரு லாட் என்றால் 75, நான் மூன்று லாட் போடுவேன், ஆக 225. பத்துப் புள்ளி கிடைத்தால் 2,250 ரூபாய். பெரும்பாலான நாள் மூன்று நான்கு பச்சை வரும். கடையில் நாள் முழுக்க ஆணியும் பெயிண்டும் விற்றால் நிற்காத தொகை அது. ஒரு சிவப்பு வந்தால் ஏழாயிரம் எட்டாயிரம் போகும், அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. மறுநாள் மறுபடி பச்சை வரும். மனம் பச்சைகளின் எண்ணிக்கையைத்தான் எண்ணும். வாரம் முழுக்க ஜெயித்த மாதிரியே இருக்கும், வெள்ளிக்கிழமை கணக்கில் பணம் மட்டும் குறைந்திருக்கும். எங்கே போகிறது என்று பிடிபடவே இல்லை. ஏதோ கட்டணம் அதிகம் எடுக்கிறார்கள் என்று புரோக்கரின் உதவி எண்ணுக்கு இரண்டு முறை போன் செய்து சண்டை போட்டிருக்கிறேன். அந்த மாதங்களில் எனக்கு மட்டும்தான் இப்படி நடக்கிறது என்று நம்பினேன். 2024 செப்டம்பரில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி வெளியிட்ட ஆய்வை அப்போது யாராவது காட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்: 2021-22 முதல் 2023-24 வரை மூன்று நிதியாண்டுகளில் பங்கு எஃப் அண்ட் ஓவில், அதாவது ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன் வர்த்தகத்தில், இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டிருக்கிறார்கள்.

விஷயம் பிடிபட்டது வருமான வரிக் கணக்கு போடும்போது. எஃப் அண்ட் ஓ லாப நஷ்டம் வியாபாரக் கணக்கில் வரும் என்பதால் ஐடிஆர்-3 போட வேண்டும். எங்கள் ஆடிட்டர் பொள்ளாச்சியில் இருக்கிறார். புரோக்கர் கொடுத்த அறிக்கையைப் பார்த்துவிட்டு, "எவ்வளவு நாளா பண்றீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "பத்துக்கு எட்டு ஜெயிக்குதுங்க சார், ஆனா பணம் போயிட்டே இருக்குதுங்க" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "எத்தனை தடவை ஜெயிச்சீங்கன்னு நான் கேக்கலைங்க தம்பி. ஜெயிச்சப்ப சராசரியா எவ்வளவு வந்துச்சு, தோத்தப்ப சராசரியா எவ்வளவு போச்சு? எட்டு லோடு தேங்காய்ல லோடுக்கு ஆயிரம் நின்னு, ரெண்டு லோடுல அஞ்சஞ்சாயிரம் போச்சுன்னா, அந்த மாசம் உங்களுக்கு லாபமா நஷ்டமா?" எட்டாயிரம் வந்து பத்தாயிரம் போகிறது. அவ்வளவுதான் முழு விஷயமும். வர்த்தகம் செய்கிறவர்கள் இதை எக்ஸ்பெக்டன்சி என்கிறார்கள்: ஒரு வர்த்தகத்துக்குச் சராசரியாக எவ்வளவு நிற்கும் என்ற எண்.

அன்று ராத்திரி புரோக்கர் தளத்திலிருந்து என் வர்த்தகப் பட்டியலை இறக்கினேன். ஏறக்குறைய ஐந்நூறு வர்த்தகம் இருந்தன. ஒவ்வொன்றிலும் எத்தனை புள்ளி வந்தது அல்லது போனது என்பதை ஒரு பத்தியில் வரிசையாகப் போட்டேன். எனக்கு அது F பத்தி. நீங்களும் செய்து பார்க்க இந்த நாலு வரி போதும்:

```
=COUNTIF(F2:F600,">0")/COUNT(F2:F600)
=AVERAGEIF(F2:F600,">0")
=AVERAGEIF(F2:F600,"<0")
=AVERAGE(F2:F600)
```

முதல் வரி வெற்றி விகிதம். இரண்டாவது, ஜெயித்தபோது சராசரி. மூன்றாவது, தோற்றபோது சராசரி. நாலாவது எல்லாவற்றின் சராசரி, அதுதான் எக்ஸ்பெக்டன்சி. நாலாவது ஒன்றே போதுமே, எதற்கு மற்ற மூன்று என்று தோன்றலாம். நாலாவது எண் நோய் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லும். எங்கே இருக்கிறது என்று சொல்வது முதல் மூன்றும்தான்.

எனக்கு வந்த எண்கள்: வெற்றி 80 சதவீதம், ஜெயித்தால் சராசரி 8 புள்ளி, தோற்றால் சராசரி 36 புள்ளி. கணக்கு போடுவோம். 0.80 × 8 = 6.4 புள்ளி வருகிறது. 0.20 × 36 = 7.2 புள்ளி போகிறது. மிச்சம், ஒரு வர்த்தகத்துக்கு −0.8 புள்ளி. வெறும் முக்கால் புள்ளிச் சொச்சம். ஒரு நாளில் அது கண்ணுக்கே தெரியாது. 225ஆல் பெருக்கினால் 180 ரூபாய், அதை ஐந்நூறால் பெருக்கினால் 90,000.

மொத்த நஷ்டம் 1,45,000. மிச்சம் 55,000 எங்கே போனது? செலவில். 150 ரூபாய் பிரீமியத்தில், அதாவது ஆப்ஷன் விலையில், 225 வாங்கி விற்றால் ஒரு பக்கம் 33,750 ரூபாய். என் புரோக்கர் ஆர்டருக்கு 20 ரூபாய், வாங்க விற்க 40. விற்கும்போது பிரீமியத்தில் 0.1 சதவீதம் பரிவர்த்தனை வரி, 2024 அக்டோபர் 1 முதல் இருந்த விகிதம் அது, ஏறக்குறைய 34 ரூபாய். எக்ஸ்சேஞ்ச் கட்டணம் ஏறக்குறைய 24. புரோக்கரேஜுக்கும் எக்ஸ்சேஞ்ச் கட்டணத்துக்கும் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, 11 ரூபாய். முத்திரைத் தீர்வை ஒரு ரூபாய். எல்லாம் சேர்த்து 110 ரூபாய், புள்ளியில் சொன்னால் அரைப் புள்ளி. நூறு புள்ளிக்குக் குறி வைக்கிறவருக்கு அரைப் புள்ளி ஒன்றுமில்லை. பத்துப் புள்ளிக்குக் குறி வைக்கிறவருக்கு அது லாபத்தில் இருபதில் ஒரு பங்கு, அதையும் தோற்கும் வர்த்தகத்துக்கும் சேர்த்தே கட்ட வேண்டும். ஆகவே உண்மையான எக்ஸ்பெக்டன்சி −1.3 புள்ளி. புரோக்கரோடு நான் போட்ட சண்டைக்கு அர்த்தமே இல்லை. அவர் எடுத்தது எல்லாம் கான்ட்ராக்ட் நோட்டில் தினமும் அச்சாகி வந்துகொண்டுதான் இருந்தது.

இதில் என்னை உலுக்கிய இடம் வேறு. சிக்னலில் எழுதியிருந்தபடியே நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று போட்டுப் பார்த்தேன். 80 சதவீதம், 10 புள்ளி, 30 புள்ளி. 8 வருகிறது, 6 போகிறது, மிச்சம் 2. செலவு அரைப் புள்ளி போனால் 1.5. அதை 225ஆலும் ஐந்நூறாலும் பெருக்கினால் ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம் லாபம். அதே சிக்னல், அதே 80 சதவீதம். காகிதத்தில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் லட்சம் லாபம், என் கணக்கில் ஒன்றரை லட்சம் நஷ்டம். 10 எப்படி 8 ஆனது, 30 எப்படி 36 ஆனது என்பதில்தான் முழுப் பணமும் போயிருக்கிறது.

பத்து எட்டானதைச் சொல்கிறேன். "150க்கு வாங்கு" என்று செய்தி வரும்போது அதே செய்தி இன்னும் எத்தனையோ பேருக்குப் போகிறது. எல்லோரும் ஒரே ஸ்டிரைக்கை அமுக்குகிறோம். நான் வாங்கி முடிக்கும்போது விலை சராசரியாக 151.50 ஆகியிருக்கும். விற்கும்போது வாங்குபவர் விலைக்கும் விற்பவர் விலைக்கும் உள்ள இடைவெளியில் அரைப் புள்ளி போகும். பத்தில் இரண்டு காலி. இதே ஒன்றரைப் புள்ளி தோற்கும்போதும் சேரும், ஏனென்றால் ஸ்டாப் 120இலேயே நிற்கிறது, நான் வாங்கியதோ 151.50க்கு. அப்போதே 30 புள்ளி 31.50 ஆகிவிட்டது. அதற்கு மேல் ஸ்டாப் ஆர்டரின் விஷயம். ஸ்டாப்பைத் தொட்டதும் கிடைத்த விலைக்கு விற்றுவிடும் ஸ்டாப் லாஸ் மார்க்கெட் ஆர்டரை, ஆப்ஷனில் என்எஸ்இ எக்ஸ்சேஞ்ச் 2021இல் நிறுத்திவிட்டது. இந்த விலைக்குக் கீழே விற்காதே என்று லிமிட் வைத்த ஸ்டாப்தான் போட முடியும். 120இல் டிரிக்கர், 119இல் லிமிட் என்று நெருக்கமாக வைத்தால், விலை குதித்து இறங்கும்போது ஆர்டர் நிறைவேறாமல் அப்படியே தொங்கும். தொங்கவிடக் கூடாதென்று லிமிட்டை நாலைந்து புள்ளி கீழே வைத்தால் அந்த விலை வரைகூட இறங்கி விற்கும். இரண்டும் கலந்து சராசரியாக இன்னொரு மூன்றரை. ஆக 35.

36 ஆக்கிய கடைசி ஒரு புள்ளி ஒரே ஒரு வர்த்தகத்திலிருந்து வந்தது. 2025 ஏப்ரல் 4, வெள்ளிக்கிழமை. அமெரிக்க வரி அறிவிப்பால் உலகச் சந்தைகள் விழுந்துகொண்டிருந்த வாரம். காலையில் வாங்கிய கால் ஆப்ஷன் கீழே போக, "ஹோல்ட் பண்ணுங்க, திங்கட்கிழமை மீளும்" என்று செய்தி வந்தது. ஸ்டாப்பை எடுத்துவிட்டு வைத்திருந்தேன். ஏப்ரல் 7, திங்கட்கிழமை நிஃப்டி ஆயிரம் புள்ளிக்கு மேல் இறங்கித் திறந்தது. 150 ரூபாய் ஆப்ஷன் 20 ரூபாய்க்கு வந்திருந்தது. 130 புள்ளி, 29,250 ரூபாய், கடையின் ஷட்டரைத் திறக்கும் முன்பே. கடையைத் திறக்காமல் தோட்டத்துக்குப் போய் மதியம் வரை உட்கார்ந்திருந்தேன். எட்டு எட்டாகச் சேர்த்தால் பதினாறு வெற்றி அந்த ஒன்றில் கரைந்தது. தோல்விகள் சுமார் நூறு. அதில் ஒன்று 130 என்பதால் மொத்தச் சராசரி 35இலிருந்து 36க்கு ஏறியது. இங்கே கவனிக்க வேண்டியது: வெற்றிக்கு 10இல் மேல் எல்லை இருக்கிறது, எவ்வளவு நல்ல நாளானாலும் 10க்கு மேல் வராது. தோல்விக்கு 30இல் அப்படி எல்லை இல்லை, கொடுத்த பிரீமியம் முழுவதும்கூடப் போகலாம். இப்படிப்பட்ட அமைப்பில் சராசரி நஷ்டம் காகிதத்தில் எழுதியதைவிட எப்போதும் அதிகமாகத்தான் வரும். குறைவாக வராது.

சரி, 80 சதவீதம் என்பது எந்த அளவுக்குத் திறமை? இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் சந்தா கட்டியிருக்கவே மாட்டேன். விலை எந்தப் பக்கம் போகும் என்று ஒன்றுமே தெரியாமல், நாணயம் சுண்டிப் போட்டு வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 புள்ளி மேலே டார்கெட், 30 புள்ளி கீழே ஸ்டாப். எது பக்கத்தில் இருக்கிறதோ அதைத்தான் விலை முதலில் தொட வாய்ப்பு அதிகம். டார்கெட்டை முதலில் தொடும் வாய்ப்பு, ஸ்டாப்பின் தூரத்தை மொத்தத் தூரத்தால் வகுத்தால் கிடைக்கும்: 30 ÷ 40, அதாவது 75 சதவீதம். திறமையே இல்லாமல் நூற்றுக்கு எழுபத்தைந்து ஜெயிக்கலாம். ஸ்டாப்பை 90 புள்ளிக்குத் தள்ளினால் 90 சதவீதம் ஜெயிக்கலாம். வெற்றி விகிதத்தை இப்படி வேண்டிய அளவு கூட்டிக்கொள்ள முடியும், பணம் மட்டும் வராது, ஏனென்றால் 75 சதவீதம் 10 வருவதும் 25 சதவீதம் 30 போவதும் சரியாகச் சமன். ஆப்ஷனில் நேரம் போகப் போக பிரீமியம் கரைவதால் வாங்குகிறவருக்கு நிலைமை இதைவிடக் கொஞ்சம் மோசம். எனவே 80 என்று விளம்பரம் செய்த இடத்தில் அவர்களுடைய உழைப்பு 75க்கு மேலே உள்ள ஐந்து மட்டும்தான். அந்த ஐந்து இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை.

இப்போது அந்த ஐந்து எனக்குப் போதுமா என்று பார்க்க வேண்டும். நஷ்டமும் லாபமும் இல்லாமல் நிற்பதற்கு வேண்டிய வெற்றி விகிதம், சராசரி நஷ்டத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தது. காகிதத்தில் அது 75. என் கையில் வந்த எண்களில், செலவையும் சேர்த்தால் வெற்றி 7.5, தோல்வி 36.5. 36.5 ÷ 44, ஏறக்குறைய 83 சதவீதம். நான் ஜெயித்தது 80. மூன்று சதவீதம் குறைவு, அவ்வளவுதான் வித்தியாசம். ஆறு மாதம் தூக்கம் கெட்டதற்கும் போர் போட வைத்திருந்த பணத்தில் பாதி போனதற்கும் காரணம் இந்த 80க்கும் 83க்கும் நடுவில் இருக்கிறது.

இதைத் தெரிந்துகொண்டதும் யாருக்கும் முதலில் தோன்றுவது, "ஸ்டாப்பைக் குறைத்துவிடலாமே" என்பதுதான். எனக்கும் தோன்றியது. 30 என்பதை 20 ஆக்கினால் நஷ்டம் சிறிதாகும் என்று நினைத்தேன். ஆனால் ஸ்டாப்பைத் தொட்டால் வெற்றி விகிதமும் மாறும். ஜெயித்த ஒவ்வொரு வர்த்தகத்திலும், டார்கெட்டுக்குப் போவதற்கு முன் விலை அதிகபட்சம் எவ்வளவு கீழே போய்வந்தது என்று ஒரு நிமிட சார்ட்டில் பார்த்துப் பக்கத்துப் பத்தியில் குறித்தேன். ராத்திரிகளில் உட்கார்ந்து செய்த சலிப்பான வேலை, ஆனால் இந்த முழு அனுபவத்தில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது அதுதான். ஜெயித்தவற்றில் எட்டில் ஒன்று 20 புள்ளிக்கும் கீழே போய்விட்டு அப்புறம்தான் மேலே வந்திருந்தது. ஸ்டாப் 20இல் இருந்திருந்தால் அவை எல்லாம் தோல்வி. வெற்றி 80இலிருந்து 70க்கு இறங்கும். தோல்வி 20 இல்லை, நினைத்த விலைக்கும் கிடைத்த விலைக்கும் நடுவில் உள்ள நழுவலோடு 25. 0.70 × 8 = 5.6; 0.30 × 25 = 7.5. மிச்சம் −1.9. முன்பு −0.8 இருந்த இடம் இது, அதுவும் செலவுக்கு முன். நியாயமாகத் தெரிந்த திருத்தம் நஷ்டத்தை இரண்டு மடங்குக்கு மேல் ஆக்கியிருக்கும். வெற்றி விகிதமும் லாப நஷ்ட விகிதமும் ஒன்றையொன்று பிடித்து இழுப்பவை. ஒன்றை மாற்றிவிட்டு மற்றது அப்படியே இருக்கும் என்று எண்ணிக் கணக்கு போடாதீர்கள்.

அப்புறம் எதிர்ப்பக்கமாகப் போய்ப் பார்த்தேன். கணக்கு எளிதாக இருக்க, ஒரு வர்த்தகத்தில் நான் இழக்கத் தயாராக இருக்கும் தொகையை ஒன்று என்று வைத்துக்கொள்கிறோம். வர்த்தகர்கள் இதை ஒரு ஆர் என்பார்கள். தோற்றால் −1, ஜெயித்தால் +2 என்று அமைத்த ஒரு விதிமுறையைப் பணம் போடாமல் காகிதத்தில் எழுதிவந்தேன். வெற்றி 40 சதவீதம். 0.40 × 2 = 0.8; 0.60 × 1 = 0.6, மிச்சம் 0.2. பத்துக்கு ஆறு தோற்கும் முறை, ஒவ்வொரு வர்த்தகத்துக்கும் ரிஸ்க்கில் ஐந்தில் ஒரு பங்கு நிற்கிறது. பத்துக்கு எட்டு ஜெயித்த முறையில் போனது.

ஆனால் இதோடு வாழ்வது எவ்வளவு கஷ்டம் என்பதையும் சொல்ல வேண்டும். 60 சதவீதம் தோற்கும் முறையில், நூறு வர்த்தகத்துக்குள் எங்காவது தொடர்ந்து எட்டுத் தோல்வி வருவதற்கு ஏறக்குறைய சரிபாதி வாய்ப்பு இருக்கிறது. எட்டு. முறை கெட்டுப்போகாமலே, எண் 0.2இலேயே இருக்கும்போதே. ஒரு வர்த்தகத்தில் மொத்தப் பணத்தில் பத்து சதவீதம் ரிஸ்க் எடுக்கிறவர் அந்த எட்டைத் தாண்டும்போது பாதிக்கு மேல் இழந்திருப்பார். ஒரு சதவீதம் எடுக்கிறவருக்கு எட்டு சதவீதம்கூடக் குறையாது. எக்ஸ்பெக்டன்சி நன்றாக இருந்தும் பணம் போகிறவர்கள் போவது இந்த இடத்தில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்று. இந்த 40 சதவீதம் நிஜமா? நூறு வர்த்தகத்தில் நாற்பது ஜெயித்தால், உண்மையான விகிதம் 30இலிருந்து 50 வரை எங்கும் இருக்கலாம்; அதிர்ஷ்டத்தின் ஆட்டம் அவ்வளவு அகலம். +2, −1 முறைக்குச் சமநிலை 33.3 சதவீதம். ஆக, நூறு வர்த்தகத்தை வைத்து இது லாபமான முறை என்று சொல்லவே முடியாது, 30 என்று இருந்தால் நஷ்டம். நானூறு வர்த்தகம் எழுதி, அப்போதும் 40 நின்றால், அகலம் பாதியாகி 35இலிருந்து 45க்குள் வரும். அப்போதுதான் சமநிலைக்கு மேலே இருக்கிறது என்று ஓரளவு நம்பலாம். அதிகம் ஜெயிக்கும் முறைகளில் இந்த ஆபத்து இன்னும் மறைவானது. முதல் முப்பது வர்த்தகத்தில் 26, 27 ஜெயித்திருக்கும், தோல்வி மூன்றோ நாலோதான். அந்த மூன்று நாலை வைத்துச் சராசரி நஷ்டம் எவ்வளவு என்று எப்படித் தெரியும்? எனக்கு ஏப்ரல் 7 போன்ற ஒன்று முதல் மூன்று மாதத்தில் வரவில்லை, அதனால் அதுவரை சராசரி நஷ்டம் அடக்கமாகவே தெரிந்தது. சிக்னல் விற்பவர்கள் காட்டும் ஒரு மாத ரிப்போர்ட்டில் அது பெரும்பாலும் இருக்காது.

யாராவது உங்களிடம் வெற்றி விகிதம் சொல்லி ஒரு முறையை விற்க வந்தால், முதலில் செபியின் இணையதளத்தில் அவர்களுக்கு ரிசர்ச் அனலிஸ்ட் அல்லது முதலீட்டு ஆலோசகர் பதிவு இருக்கிறதா என்று பதிவு எண்ணைப் போட்டுப் பாருங்கள். பதிவு இருந்தாலும் அது லாபத்துக்கு உத்தரவாதம் இல்லை. அடுத்து சராசரி லாபம் எவ்வளவு, சராசரி நஷ்டம் எவ்வளவு, மிகப் பெரிய ஒற்றை நஷ்டம் எவ்வளவு, எத்தனை வர்த்தகத்தின் கணக்கு இது என்று கேளுங்கள். செய்தியில் வந்த விலையை வைத்தா, உண்மையில் வாங்கி விற்ற விலையை வைத்தா என்றும் கேளுங்கள். நான் பிறகு கேட்டேன். வெற்றி சதவீதத்தை உடனே சொன்னவர்கள், மற்ற எதற்கும் பதில் அனுப்பவில்லை, இரண்டு நாளில் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். பதில் வந்தால், சராசரி நஷ்டத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து, அவர்கள் சொல்லும் வெற்றி விகிதம் அதைவிட எவ்வளவு மேலே இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு மூன்று சதவீதம்தான் மேலே என்றால் உங்கள் நழுவலும் செலவும் அதைத் தின்றுவிடும்.

ஏற்கெனவே இறங்கியிருப்பவர்கள், லாட் அளவோ பரிவர்த்தனை வரியோ மாறும்போதெல்லாம் சமநிலை விகிதத்தை மறுபடி போட்டுப் பாருங்கள். வரி அரைக்கால் புள்ளி ஏறினாலும், பத்துப் புள்ளி டார்கெட் வைப்பவருக்குத் தேவைப்படும் வெற்றி விகிதம் கூடும். செலவை F பத்தியில் கழித்தபின் சராசரி எடுங்கள். கழிக்காமல் எடுத்த எண் என்னுடையதைப் போல −1.3ஐ −0.8 என்று காட்டும்.

வீட்டில் ஆகஸ்டில் சொல்லிவிட்டேன். போருக்குக் கூட்டுறவு வங்கியில் கடன் கேட்டிருக்கிறோம். காகிதத்தில் எழுதும் முறை இன்னும் நானூறைத் தொடவில்லை, தொடும்வரை அதில் பணம் போடுவதாக இல்லை.